வல்லினம் மிகும் பாடத்துக்குக் கோடிட்ட இடம் தயாரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒன்பதாம் வகுப்புத் தமிழில் வல்லினம் மிகும் இடங்கள், மிகா இடங்கள் என்று இரண்டு இலக்கணப் பாடங்கள் தனித்தனியாக வருகின்றன. முதல் பாடம் முடிந்ததும் வழக்கமாக ஒரு பயிற்சித்தாள் கொடுப்போம். டெல்டாப் பக்கத்து வகுப்பில் அது பெரும்பாலும் இப்படி இருக்கும்:

1. ஊரார் வாய்க்காலை__ தூர்வாரினர்.
2. ஆற்றில் வந்த நீரை__ பார்த்தனர்.
3. அந்த__ பாலம் பழையது.
4. நெல்லை மூட்டையாக__ கட்டினர்.
5. உழவர்கள் சந்தைக்கு__ சென்றனர்.

விடைகள் த், ப், ப், க், ச். ஐந்துமே இலக்கணப்படி சரி. வாக்கியங்களும் பிள்ளைகளுக்குத் தெரிந்த வாழ்க்கையிலிருந்து வந்தவைதான். ஆனாலும் இந்தத் தாள் எதையும் சோதிக்கவில்லை. கோட்டுக்கு இடப்பக்கம் உள்ள சொல்லை விரலால் மறைத்துவிட்டு வலப்பக்கத்தை மட்டும் பாருங்கள். 'தூர்வாரினர்' என்றால் த், 'பார்த்தனர்' என்றால் ப். வேற்றுமை என்றால் என்னவென்றே தெரியாத மாணவன்கூட அடுத்த சொல்லின் முதலெழுத்துக்குப் புள்ளி வைத்து ஐந்துக்கு ஐந்து வாங்கிவிடுவான்.

இதுதான் இந்தப் பாடத்தில் நடக்கும் முதல் தவறு, பெரிய தவறும்கூட. வல்லினம் மிகும்போது எந்த மெய் வரும் என்பதை வருமொழியின் முதலெழுத்தே முடிவு செய்துவிடுகிறது. அதில் மாணவன் யோசிக்க ஒன்றுமில்லை. அவன் யோசிக்க வேண்டியது, இங்கே மிகுமா மிகாதா என்பதை மட்டும்தான். மிகும் இடங்களை மட்டும் வைத்துத் தாள் எழுதினால் அந்த ஒரே கேள்வியும் போய்விடுகிறது. 'மிகும் பாடம்தானே நடத்தியிருக்கிறோம், மிகா இடங்களை அடுத்த பாடத்தில் பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒத்திப்போடுவது இயல்புதான். ஆனால் கோடிட்ட இடம் என்ற வடிவத்துக்கு அது ஒத்துவராது. ஒன்று, மிகா இடங்களில் இரண்டு மூன்றையாவது முன்கூட்டியே சொல்லிக் கலந்து கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பாடமும் முடிந்த பிறகு தாள் கொடுக்க வேண்டும்.

கலந்து கொடுக்கும்போது குறிப்பைத் தெளிவாக எழுதுங்கள்: 'வல்லின மெய் வேண்டுமானால் எழுதுக, வேண்டாமெனில் × இடுக.' ×-க்கு இடமே தராமல், தேவையில்லாத கோட்டை வெறுமையாக விடச் சொன்னால், தெரியாமல் விட்டவனையும் தெரிந்து விட்டவனையும் திருத்தும்போது பிரித்தறிய முடியாது.

சரி, மிகா இடங்களை எப்படித் தேர்ந்தெடுப்பது? வலப்பக்கச் சொல்லை மாற்றாமல் வைத்து, இடப்பக்கத்தை மட்டும் மாற்றினால் விதி பளிச்சென்று வெளியே வரும். 'நெல்லை விற்று__ திரும்பினார்' என்று ஒன்று, 'வயலுக்கு வந்து__ திரும்பினார்' என்று ஒன்று. இரண்டும் வினையெச்சம், இரண்டும் உகரத்தில் முடிகின்றன, அடுத்து வருவதும் ஒரே சொல். ஆனால் 'விற்று' வன்றொடர்க் குற்றியலுகரம், அதனால் 'விற்றுத் திரும்பினார்'. 'வந்து' மென்றொடர், அதனால் 'வந்து திரும்பினார்'. இங்கே முதலெழுத்தைப் பார்த்துத் தப்பிக்க வழியில்லை. மாணவன் கடைசி எழுத்துக்கு முந்தைய எழுத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

பெயரெச்சத்துக்கு 'கோடையிலும் வற்றாத__ குளம்', 'கோடையிலும் வற்றா__ குளம்' என்று கொடுக்கலாம். முதலாவதில் மிகாது. இரண்டாவது ஈறு கெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்பதால் 'வற்றாக் குளம்'. சுட்டுக்கு 'இந்த__ படித்துறை', 'இது__ படித்துறை'.

இரண்டாவது தவறு ஐகாரத்தில் நடக்கிறது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கேள்வி எழுதுகிறவரே தடுமாறும் இடம் இது. இரண்டாம் வேற்றுமை உருபு ஐ வெளிப்படையாக வந்தால் மிகும் என்பது விதி. மாணவன் இதை 'சொல்லின் கடைசியில் ஐ ஓசை வந்தால் மிகும்' என்று மனதில் பதிய வைத்துக்கொள்கிறான். கரை, மழை, வாழை, தென்னை எல்லாம் தாமாகவே ஐகாரத்தில் முடியும் சொற்கள். அவற்றில் உருபு இல்லை.

'ஊரார் கரை__ கட்டினர்' என்பதில் உருபு மறைந்திருக்கிறது. இது இரண்டாம் வேற்றுமைத் தொகை, மிகாது. 'ஊரார் கரையை__ கட்டினர்' என்பதில் உருபு விரிந்து நிற்கிறது, 'கரையைக் கட்டினர்'. அதேபோல 2018-இல் வீசிய கஜா புயலை வைத்து இரண்டு வாக்கியம்: 'கஜா புயலில் தென்னை__ சாய்ந்தது', 'கஜா புயல் தென்னையை__ சாய்த்தது'. முதலாவதில் தென்னை எழுவாய், அதனால் மிகாது. இரண்டாவதில் செயப்படுபொருள், உருபும் இருக்கிறது, 'தென்னையைச் சாய்த்தது'. இந்த இரண்டு ஜோடியும் தாளில் இருந்தால், மாணவன் உருபைத் தேடுகிறானா, ஓசையை மட்டும் கேட்கிறானா என்பது தெரிந்துவிடும்.

இதே ஐகாரத்தில் இன்னொரு குழி இருக்கிறது. 'அவருக்கு வேலை__ கொடுத்தார்' என்று எழுதிவிட்டு × என்று விடை வைத்திருப்போம். ஒரு பெண் க் எழுதுவாள். அவளும் சரிதான். வேல் என்ற ஆயுதத்தோடு ஐ சேர்ந்தாலும் 'வேலை'தான். அப்போது 'வேலைக் கொடுத்தார்' என்று மிகும். கோடிட்ட இடத்துக்கு இரண்டு சரியான விடை இருந்தால் அது கேள்வியின் குறை, மாணவியின் குறை அல்ல. சில சொற்கள் கூட்டினால் போதும், குறை தீர்ந்துவிடும்: 'நடவுக்கு ஆள் தேடியவர் அவருக்கு வேலை__ கொடுத்தார்.' இப்போது ஆயுதத்துக்கு இடமில்லை. ஒவ்வொரு கேள்வியையும் எழுதியபின், மாற்று விடையைப் போட்டு ஒரு முறை படித்துப் பாருங்கள். பொருள் தரும் வேறு வாக்கியம் கிடைத்தால் அந்தக் கேள்வியைத் திருத்தியாக வேண்டும்.

மூன்றாவது, வழக்கில் இரண்டு விதமாகவும் எழுதப்படும் சொற்கள். 'குறுவை சாகுபடி', 'குறுவைச் சாகுபடி' இரண்டையும் அச்சில் பார்க்கிறோம். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை, தலையாட்டிப் பொம்மை, அதுவும் அப்படியே. ஊர்ப்பெயரோடு இன்னொரு பெயர் சேரும் இடங்கள் இன்னும் சிக்கல்: திருவாரூர்த் தேர் என்று எழுதுபவரும் உண்டு, சுவரொட்டியில் திருவாரூர் தேர் என்றே இருக்கும். இவற்றை வகுப்பில் பேசலாம், பேசவும் வேண்டும். ஆனால் மதிப்பெண் உள்ள கோட்டில் வைக்காதீர்கள். தினமும் பேருந்திலிருந்து பார்க்கும் எழுத்தை நம்பியதற்காக ஒரு பிள்ளை மதிப்பெண் இழக்கக் கூடாது.

அப்புறம், தாளே விடையைக் காட்டிக்கொடுப்பது. 'நாற்றைப் பறித்து__ கட்டினர்' என்று ஒரு கேள்வி எழுதுகிறோம். நோக்கம் 'பறித்து' என்ற வன்றொடரைச் சோதிப்பது. ஆனால் அதே வரியில் 'நாற்றைப் பறித்து' என்று நாமே ஐ உருபுக்குப் பின் ப் போட்டிருக்கிறோம். மேலே 'கரையை__ கட்டினர்' என்பதில் திணறியவன் இதைப் பார்த்துத் திருத்திக்கொள்வான். 'அரிவாளால் அறுத்து__ கட்டினர்' என்று மாற்றிவிட்டால் கசிவு நின்றுவிடும். குறிப்பு வரி, தலைப்பு, மற்ற கேள்விகள் எல்லாவற்றிலும் வரும் ஒற்றுகளை இந்தக் கண்ணோடு ஒரு முறை பார்க்க வேண்டும். கேள்வியை உரக்கப் படித்துக் காட்டுவதிலும் இதே சிக்கல்தான். 'விற்றுத் திரும்பினார்' என்று நம் வாய் தானாகவே அழுத்திச் சொல்லிவிடும்.

மேலே சொன்னவற்றைக் கோத்தால் பத்துக் கேள்வித் தாள் ஒன்று இப்படி அமையும்:

1. நெல்லை விற்று__ திரும்பினார்.
2. ஊரார் கரை__ கட்டினர்.
3. கோடையிலும் வற்றாத__ குளம்.
4. கஜா புயல் தென்னையை__ சாய்த்தது.
5. அரிவாளால் அறுத்து__ கட்டினர்.
6. இது__ படித்துறை.
7. வயலுக்கு வந்து__ திரும்பினார்.
8. ஊரார் கரையை__ கட்டினர்.
9. கஜா புயலில் தென்னை__ சாய்ந்தது.
10. இந்த__ படித்துறை.

ஜோடிகளை அடுத்தடுத்து வைக்காமல் சிதறியிருப்பதைக் கவனியுங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 'ஒன்று மிகும், மற்றது மிகாது' என்று தாளின் போக்கே சொல்லிவிடும். அதே காரணத்துக்காக மூன்றாவதுக்கும் ஐந்தாவதுக்கும் ஜோடி தரவில்லை. பாடநூலின் எடுத்துக்காட்டுகளை அப்படியே எடுக்காததும் வேண்டுமென்றே செய்ததுதான். அவற்றைப் பிள்ளைகள் படமாக நினைவில் வைத்திருப்பார்கள், விதியைத் தொடாமலே எழுதிவிடுவார்கள்.

இவ்வளவு செய்தாலும் ஒரு குறை மிச்சம் இருக்கிறது. ஒவ்வொரு கோட்டுக்கும் இரண்டே வாய்ப்பு, ஆகவே கண்ணை மூடிக்கொண்டு எழுதினாலும் பாதி சரியாக வரக்கூடும். அதனால் ஏதேனும் மூன்று கேள்விகளுக்கு மட்டும் காரணத்தை ஒரு வரியில் எழுதச் சொல்லுங்கள். 2, 7, 9 இதற்கு ஏற்றவை. பத்துக்கும் காரணம் கேட்டால் அது வேறு வகைத் தேர்வாகிவிடும், திருத்தவும் நேரம் இருக்காது.

திருத்தும்போது மொத்த மதிப்பெண்ணைவிட எந்தக் கோடு தவறியது என்பதைப் பாருங்கள். 'வந்துத் திரும்பினார்' என்று எழுதியவன், வினையெச்சம் என்றாலே மிகும் என்று நினைக்கிறான். அவனுக்குக் குற்றியலுகர வகைகளைத் திரும்பச் சொல்ல வேண்டும். 'கரைக் கட்டினர்' என்றும் 'தென்னைச் சாய்ந்தது' என்றும் எழுதியவன் ஓசையைக் கேட்டு எழுதுகிறான். அவனுக்கு வல்லினப் பாடத்தைத் திரும்ப நடத்திப் பயனில்லை, வேற்றுமைக்குத்தான் போக வேண்டும். இரண்டாவதில் மட்டும் தவறி ஒன்பதாவதைச் சரியாக எழுதியவனுக்கு எழுவாய் புரிந்திருக்கிறது, தொகை புரியவில்லை. பத்திலும் மெய்யெழுத்தையே நிரப்பி வைத்திருப்பவன் குறிப்பைப் படிக்கவில்லை, அல்லது முந்தைய தாள்களில் அப்படி எழுதியே மதிப்பெண் வாங்கிப் பழகியிருக்கிறான்.