பழைய கியூஆர் ஸ்கிரீன்ஷாட்டில் காசு ஏன் போகவில்லை

திருகோணமலையில் எங்கள் கருவாட்டுக் கடையில், பில் போட்டதும் போனில் வரும் கியூஆரை ஸ்கிரீன்ஷாட் எடுத்து மூதூர் வாடிக்கையாளருக்கு அனுப்புவோம். அவர் பின்னேரம் ஸ்கேன் செய்தால் "காலாவதியாகிவிட்டது" என்று வரும். கவுண்டரில் ஒட்டியிருக்கும் கியூஆரோ எப்போதும் வேலை செய்யும்.

சிக்னல் என்று நினைத்து வைஃபை மாற்றினோம், செயலியை அழித்துத் திரும்பப் போட்டோம், படத்தைத் தெளிவாக எடுத்து அனுப்பினோம். ஒன்றும் சரிவரவில்லை.

அப்புறம் இரண்டையும் சாதாரண கியூஆர் ரீடரில் எழுத்தாகப் படித்தேன். தொடக்கம் இப்படி:

```
000201010211   ஒட்டியது
000201010212   ஸ்கிரீன்ஷாட்
```

கடைசி இலக்கம்தான் விஷயம். 11 என்றால் நிலையான கோட். 12 என்றால் ஒரு பில்லுக்கு மட்டும் உருவானது. இரண்டாவதில் தொகையும் பில் இலக்கமும் சேர்ந்திருந்தன. நேரம் மட்டும் எங்கும் இல்லை. கெடுவைப் பார்ப்பது கட்டணச் சேவையின் கணினி: சில நிமிடங்களில் அந்தப் பில்லை மூடிவிடும். திறந்தே விட்டால் ஒரே பில்லுக்கு இருவர் காசு கட்டலாம், விலை மாறிய பிறகும் பழைய தொகை வரலாம். படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அது காட்டுவது மூடிய பில்லைத்தான்.

இப்போது பிறகு கட்டுபவர்களுக்கு ஒட்டிய கோட்டின் படத்தையே அனுப்புகிறோம். தொகையை அவர்களே அடிக்க வேண்டும். எந்தப் பில் என்று கணினிக்குத் தெரியாததால், குறிப்பில் பில் இலக்கம் எழுதச் சொல்கிறோம்.