சேவைக்கான மூன்று கூடுதல் ‘பி’: ஒரு கிளினிக்கை வைத்துச் செய்து பார்ப்போம்

மார்க்கெட்டிங்கில் கவனிக்க வேண்டியவை பொருள், விலை, இடம், விளம்பரம் என்று, ஆங்கிலத்தில் ‘பி’ எழுத்தில் தொடங்கும் நான்கைப் பேராசிரியர் மெக்கார்த்தி 1960-ல் வகுத்தார். சோப்பு விற்கிறவருக்கு அவை போதும். சேவை தருகிறவருக்குப் போதாது என்று 1981-ல் பூம்ஸ், பிட்னர் என்ற இரு ஆய்வாளர்கள் மேலும் மூன்று ‘பி’க்களைச் சேர்த்தார்கள்: மக்கள், செயல்முறை, கண்ணுக்குத் தெரியும் சான்று. பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் மக்களில் தொடங்கும். நான் செயல்முறையில் தொடங்கச் சொல்வேன். காரணம் போகப் போகத் தெரியும்.

ஒரே ஒரு டாக்டர் இருக்கும் கிளினிக்கை எடுத்துக்கொள்வோம். நேரம் காலை 9 முதல் 12 வரை. 10 நிமிடத்துக்கு ஒருவர் என 18 பேருக்கு அப்பாயின்ட்மென்ட். “எப்போது போனாலும் காக்க வைக்கிறார்கள்” என்பதுதான் நோயாளிகளின் புகார்.

படி 1: நோயாளி நடக்கும் வழியை வரையுங்கள்

ஒரு தாளில் இடமிருந்து வலமாக எழுதுங்கள்: போன் செய்கிறார், வருகிறார், பெயர் சொல்கிறார், உட்காருகிறார், டாக்டரைப் பார்க்கிறார், பணம் கட்டுகிறார், கிளம்புகிறார். அதற்குக் கீழே குறுக்காக ஒரு கோடு. பழைய ஃபைலைத் தேடுவது, ஊசியைத் தயார் செய்வது என நோயாளி கண்ணில் படாத வேலைகள் எல்லாம் கோட்டுக்குக் கீழே வரட்டும். மேலே தெரியும் தாமதத்துக்கு வேர் பல நேரம் கீழேதான் இருக்கும்.

படி 2: கடிகாரத்தை வைத்து அளந்து பாருங்கள்

ஒவ்வொருவரும் டாக்டர் அறைக்குள் போன நேரத்தையும் வெளியே வந்த நேரத்தையும் சில நாட்கள் குறித்து வையுங்கள். நம் கிளினிக்கில் சராசரி 12 நிமிடம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 10:30 மணிக்கு நேரம் வாங்கியவர் பத்தாவது ஆள். அவருக்கு முன்னால் 9 பேர், ஆளுக்கு 12 நிமிடம், மொத்தம் 108 நிமிடம். 18 நிமிடம் தாமதமாக 10:48-க்குத்தான் அவரைக் கூப்பிடுவார்கள். கடைசி ஆள் 11:50-க்குப் பதில் 12:24-க்கு உள்ளே போவார். யாரும் சோம்பி இருக்கவில்லை, அட்டவணையே தவறு. ரிசப்ஷனில் இருப்பவருக்குச் சிரித்த முகத்தோடு பேசப் பயிற்சி கொடுத்தாலும் இந்த 18 நிமிடம் குறையாது. செயல்முறையை முதலில் பார்க்கச் சொன்னது இதனால்தான்.

படி 3: வேலையை இடம் மாற்றுங்கள்

அந்த 12 நிமிடத்தில் ரத்த அழுத்தம் பார்ப்பது, என்னென்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டு எழுதுவது ஆகியவற்றுக்கு 3 நிமிடம் போகிறது என்றால், அதை நர்ஸ் முன்கூட்டியே வெளியில் செய்யலாம். டாக்டருக்கு 9 நிமிடம் போதும். 10:30 இடத்தைக் காலியாக விட்டு 17 பேருக்கு மட்டும் நேரம் கொடுத்தால் 153 நிமிட வேலை. 27 நிமிடம் கையில் மிஞ்சும். ஒருவருக்கு 20 நிமிடம் பிடித்துவிட்டாலும் மற்றவர்களின் நேரம் பெரிதாகக் குலையாது. ஆனால் நர்ஸ் எழுதியதைப் படிக்காமல் டாக்டர் அதே கேள்விகளை மறுபடி கேட்டால், மிச்சமான 3 நிமிடம் திரும்பப் போய்விடும். நோயாளிக்கும் எரிச்சல்தான். இதை டாக்டரிடம் சொல்ல யாரும் துணிய மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

படி 4: மக்கள் என்ன சொல்ல வேண்டும்?

எவ்வளவு நேரம், எதனால் என்று தெரியாத காத்திருப்பு உண்மையில் இருப்பதைவிட நீளமாகத் தோன்றும். அதனால் தாமதம் 10 நிமிடத்தைத் தாண்டினால், நோயாளி கேட்பதற்கு முன்பே ரிசப்ஷனில் இருப்பவர் எழுந்து வந்து சொல்ல வேண்டும்: “முன்னாடி போனவருக்குக் கொஞ்சம் நேரம் ஆகுதுங்க. உங்களை 15 நிமிஷத்தில் கூப்பிடுவோம். வெளியே போயிட்டு வர்றதா இருந்தா வாங்க, உங்க முறை போகாது.” காரணம், அளவு, உத்தரவாதம் மூன்றும் இதில் உண்டு. “இதோ கூப்பிடுவாங்க” என்பதில் ஒன்றுகூட இல்லை. அவசர நோயாளியை முன்னால் அனுப்பினாலும் அதைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் சிபாரிசு என்றுதான் நினைப்பார்கள்.

படி 5: சான்று கடைசியில்

சிகிச்சை சரியானதா என்று நோயாளியால் பெரும்பாலும் எடைபோட முடியாது. கண்ணில் படுவதை வைத்துத்தான் முடிவு செய்வார்: டாக்டர் கை கழுவுகிறாரா, மருந்துச் சீட்டு படிக்கும்படி இருக்கிறதா, கழிப்பறை எப்படி இருக்கிறது. புது சோபாவைவிட, எந்த மாத்திரை எப்போது என்று தெளிவாக அச்சிட்ட சீட்டுக்கு என் ஓட்டு. அது வீட்டுக்குப் போன பிறகும் கிளினிக்குக்காகப் பேசும். டோக்கன் பலகையை மட்டும் படி 3 முடியும் முன் மாட்டாதீர்கள். ஓடாத வரிசையை எல்லோருக்கும் எண் போட்டுக் காட்டுவதுபோல் ஆகிவிடும்.

படி 6: பலித்ததா?

நீண்ட கருத்துக்கணிப்பு வேண்டாம். “இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?” என்று கவுன்டருக்கு வந்து கேட்பவர்களை ஒரு தாளில் கோடு போட்டு எண்ணுங்கள். மாற்றத்துக்கு முன் ஒரு வாரம், பின் ஒரு வாரம். காத்திருப்பு குறைந்தும் கோடுகள் குறையவில்லை என்றால் படி 4 நடக்கவில்லை. இரண்டுமே குறையவில்லை என்றால் கடிகாரத்தோடு படி 2-க்குத் திரும்புங்கள்.