எல்லா மணிக்கும் பொருந்துகிற வணக்கம்: வெளிநாடுகளுக்குப் போகும் செய்தியை எப்படித் தொடங்குவது

திருக்கோணமலையில் காலை ஏழரை என்றால் வெயில் நன்றாக ஏறிவிட்டிருக்கும். கிழக்குக் கரையல்லவா, சூரியன் நேரே கடலுக்குள்ளிருந்து வருகிறது. கோட்டைப் பக்கத்து மான்கள் வீதியோரம் வந்து நிற்கும். அந்த நேரத்தில் யாரைக் கண்டாலும் "குட் மோர்னிங்" தானாக வாயில் வரும். அந்தப் பழக்கத்தோடுதான் ஒரு ஜூலை மாதச் சனிக்கிழமை, காலை 7.30க்கு, எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் இப்படி எழுதினேன்:

> இனிய காலை வணக்கம் நண்பர்களே! காலைச் சாப்பாடு ஆச்சா? இன்று இரவு 8 மணிக்குச் சூம் கூட்டம். மறக்காமல் வரவும்!

பத்து நிமிடத்தில் ரொறன்ரோவிலிருந்து ஒரு அண்ணா எழுதினார்: "தம்பி, இங்க வெள்ளி இரவு பத்து மணி. எட்டு மணிக் கூட்டம் முடிஞ்சு போச்சோ? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே." மெல்பேர்ணில் இருக்கும், எங்களுக்குப் படிப்பித்த மிஸ், "இங்க மத்தியானம் 12 மணி. காலைச் சாப்பாடு எப்பவோ செமிச்சிட்டுது" என்று சிரிப்புப் படத்தோடு போட்டார். லண்டன்காரர் ஒருவரும் பேசவில்லை. அங்கே அப்போது அதிகாலை 3 மணி.

நான்கு வசனம், அதில் மூன்று பிழை. அந்தச் செய்தியையே வைத்துக்கொண்டு படிப்படியாகத் திருத்திக் காட்டுகிறேன்.

படி 1: யாருடைய மணிக்கூடு என்று பாருங்கள்

குழுவில் உள்ளவர்கள் இருக்கும் ஊர்களை ஒரு தாளில் எழுதுங்கள். எங்கள் குழுவில் திருக்கோணமலை, ரொறன்ரோ, லண்டன், ஒஸ்லோ, மெல்பேர்ண். கைபேசியின் கடிகாரச் செயலியில் உலக நேரம் என்று ஒரு பகுதி இருக்கும். அதில் இந்த ஊர்களைச் சேர்த்துவிட்டால் கணக்குப் போடும் வேலை இல்லை. மனக்கணக்கை நான் நம்புவதில்லை. நாங்கள் இங்கே மணிக்கூட்டைத் தொடுவதில்லை, அவர்கள் வருடத்துக்கு இரண்டு முறை மாற்றுகிறார்கள். ரொறன்ரோ கோடையில் எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை மணித்தியாலம் பின்னால்.

இப்படிப் பார்த்தால் உங்கள் காலை இன்னொருவரின் நடுச்சாமம் என்பது உடனே தெரிந்துவிடும். ஆனால் தொடக்கக்காரர் பலர் இங்கேதான் வழுக்குகிறார்கள்: "அப்போ அவருக்கு இரவு, நான் மாலை வணக்கம் போடுகிறேன்" என்று கணக்குப் பார்த்து எழுதுவார்கள். எழுதிய செய்தி அனுப்பிய கணத்திலேயே வாசிக்கப்படுவதில்லை. அதிகாலை 3 மணிக்கு லண்டன் கைபேசியில் விழுந்த என் "காலை வணக்கம்", அவர் எட்டு மணிக்கு எழும்பிப் பார்த்தபோது தற்செயலாகச் சரியாகிவிட்டது. வேலை முடிந்து இரவு பார்த்திருந்தால் மறுபடி பிழை. அனுப்பும் நேரம் உங்களுக்குத் தெரியும். வாசிக்கும் நேரம் தெரியவே தெரியாது. அதனால்தான் நேரத்தையே வாழ்த்திலிருந்து எடுத்துவிடச் சொல்கிறேன்.

(நேரச் சிக்கல் எங்களுக்குப் புதிதும் அல்ல. 1996 மே மாதம் இலங்கை மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள், ஒக்டோபரில் அதில் அரை மணித்தியாலத்தைத் திருப்பி எடுத்தார்கள், 2006 ஏப்ரலில்தான் பழையபடி வந்தது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் அவ்வளவு காலமும் பழைய நேரமே ஓடியது. கலியாண முகூர்த்தம் சொன்னால்கூட "பழைய நேரமோ, புது நேரமோ?" என்று கேட்ட தலைமுறை எங்கள் அம்மா அப்பா.)

படி 2: நேரம் ஒட்டாத சொல்லை எடுங்கள்

தமிழில் இது சுலபம். "வணக்கம்" என்ற சொல்லில் காலையும் இல்லை, மாலையும் இல்லை. "காலை வணக்கம்", "மாலை வணக்கம்" எல்லாம் ஆங்கிலத்தைப் பார்த்து நாங்கள் ஒட்டவைத்த வால்கள். வாலை வெட்டினால் போதும், வேறு சொல் தேட வேண்டியதில்லை.

கடிதம் எழுதிய காலத்தை நினைத்துப் பாருங்கள். நீல நிற விமானக் கடிதத்தில் "அன்பின் மாமாவுக்கு, நான் நலம், உங்கள் நலமறிய அவா" என்றுதான் தொடங்குவோம். கடிதம் போய்ச் சேர இரண்டு கிழமையோ ஒரு மாதமோ ஆகும் என்று தெரிந்திருந்ததால் யாரும் அதில் காலை வணக்கம் எழுதவில்லை. அந்தத் தொடக்கங்கள் இன்றைக்கும் அப்படியே வேலை செய்யும். யாருக்கு எழுதுகிறீர்கள் என்பதைப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள்:

- கூடப் படித்தவர்களுக்கு: "எல்லாருக்கும் வணக்கம்."
- மூத்தவர்களும் ஆசிரியர்களும் உள்ள குழுவுக்கு: "அன்பின் ஆசிரியர்களுக்கும் பழைய மாணவர்களுக்கும் வணக்கம்."
- சங்கத்தின் பெயரில் போகும் சுற்றறிக்கைக்கு: "அன்புடையீர், வணக்கம்."

என் செய்தியில் இருந்த "நண்பர்களே" மிஸ்ஸுக்கும் போனது என்பதைப் பிறகுதான் கவனித்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் கூசியது.

கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து முஸ்லிம் நண்பர்களும் குழுவில் இருந்தால் "வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்" என்று இரண்டையும் சேர்த்துப் போடுவது இங்கே மேடைகளிலும் வழக்கம். சிங்களத்தில் "ஆயுபோவன்" போடலாம். மூன்றிலும் மணி கிடையாது. ஆங்கில மின்னஞ்சல் என்றால் "டியர் ஓல்" அல்லது "ஹலோ எவ்ரிவன்" போதும். "குட் மோர்னிங், குட் ஆப்டர்நூன், குட் ஈவினிங்" என்று மூன்றையும் அடுக்குபவர்கள் உண்டு. நேரலையில் பேசும்போது அது பரவாயில்லை, எழுத்தில் மூன்று கதவிலும் ஒரே ஆள் வந்து தட்டுவது போல இருக்கும்.

மரணச் செய்தி போன்றவற்றில் "இனிய" என்ற சொல்லே வரக்கூடாது. பழக்க தோஷத்தில் மேலே "இனிய காலை வணக்கம்", கீழே மரண அறிவித்தல் என்று வந்த செய்தியை நான் கண்டிருக்கிறேன். "அன்புடையீர்" என்று தொடங்கி, நேரே "ஆழ்ந்த துயருடன் அறியத்தருகிறோம்" என்று போய்விடுங்கள்.

படி 3: இரண்டாவது வசனத்தையும் பாருங்கள்

வணக்கத்தைத் திருத்திவிட்டு அடுத்த வசனத்தில் மாட்டிக்கொள்வது எங்கள் ஆட்களுக்கே உரிய வியாதி. "சாப்பிட்டீங்களோ?" என்று கேட்காமல் எங்களுக்குப் பேச்சு ஓடாது. ஆனால் அதற்குள்ளும் ஒரு மணிக்கூடு ஒளிந்திருக்கிறது. மத்தியானச் சாப்பாடு முடித்தவரிடம் காலைச் சாப்பாட்டைக் கேட்டது அப்படித்தான். "நல்லா நித்திரை கொண்டீங்களோ", "வெயில் எப்படி", "இனிய வார இறுதி" எல்லாம் இதே வகைதான். வெள்ளி மாலை இங்கிருந்து வார இறுதி வாழ்த்துப் போகும்போது மெல்பேர்ணில் வெள்ளி முடியப் போகிறது, ரொறன்ரோவில் இன்னும் ஒரு முழு வேலைநாள் கிடக்கிறது.

அன்பு காட்ட வேண்டுமென்றால் "எல்லாரும் சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்" என்று எழுதலாம். அவசரச் செய்தியில் அதுவும் வேண்டாம்.

படி 4: "இன்று", "நாளை" இருந்தால் திகதியாக்குங்கள்

ரொறன்ரோ அண்ணாவுக்கு உண்மையில் குழப்பம் தந்தது வணக்கம் அல்ல, "இன்று இரவு 8 மணி". அவருடைய "இன்று" வெள்ளிக்கிழமை, இரவு எட்டு மணி போய் இரண்டு மணித்தியாலம். ஆனால் மேலே காலை வணக்கம் இருந்ததால் "இது அவர்களுடைய காலையோ, என்னுடைய காலையோ" என்று அவருக்குச் சந்தேகம் கூடியது. நேரம் சொன்ன வாழ்த்து, கீழே வரும் நேரத்தையும் கெடுத்துவிடுகிறது. நாள், திகதி, "இலங்கை நேரம்" என்ற இரண்டு சொல், இவை மூன்றும் இருந்தால் குழப்பம் நின்றுவிடும்.

திருத்திய செய்தி இது:

> அன்பின் ஆசிரியர்களுக்கும் பழைய மாணவர்களுக்கும் வணக்கம்.
>
> நூலகத் திருத்த வேலை பற்றிய சூம் கூட்டம் ஜூலை 19, சனிக்கிழமை, இலங்கை நேரம் இரவு 8.00க்கு நடைபெறும்.
>
> ரொறன்ரோ: சனி காலை 10.30
> லண்டன்: சனி பிற்பகல் 3.30
> ஒஸ்லோ: சனி பிற்பகல் 4.30
> மெல்பேர்ண்: ஞாயிறு அதிகாலை 12.30

படி 5: ஏற்கனவே சேமித்து வைத்தவற்றைத் துழாவுங்கள்

புதிதாக எழுதுவது சரியாகிவிடும், பழையது தானாகப் போய்க்கொண்டே இருக்கும். உப்புவெளியில் விடுதி நடத்தும் என் மச்சானின் வட்ஸ்அப் பிஸ்னஸில் முதல் செய்திக்குத் தானாகப் போகும் பதில் "குட் மோர்னிங்" என்று தொடங்கியது. இரவு பதினொன்றுக்கு விசாரிப்பவருக்கும் அதுதான். வரவேற்புச் செய்தி, விரைவுப் பதில்கள், மின்னஞ்சல் மாதிரிகள், இவற்றை ஒருமுறை திறந்து "காலை", "மாலை" என்று தேடி அழித்துவிடுங்கள்.

நேரம் குறித்து அனுப்பும் வசதி இதைத் தீர்க்காது. குழுவுக்குப் போவது ஒரே செய்தி, எல்லாருக்கும் ஒரே கணத்தில். ஜிமெயிலில் நீங்கள் குறிக்கும் மணியும் உங்கள் நேரப்படிதான்.

அப்போ காலை வணக்கமே கூடாதா? கொழும்புக்கோ சென்னைக்கோ ஒருவருக்கு எழுதி, அவர் அப்போதே பதிலும் எழுதிக்கொண்டிருக்கிறார் என்றால் தாராளமாகப் போடுங்கள். இரண்டு ஊருக்கும் எங்கள் மணிதான்.

திருத்திய செய்தியைப் போட்டதும் மிஸ்ஸிடமிருந்து பதில் வந்தது: "வணக்கம் தம்பி. 12.30 வரைக்கும் முழிச்சிருக்க ஏலாது." முதல் செய்தியில் "இரவு 8" என்று மட்டும் பார்த்து, தன் ஊர் எட்டு மணி என்று நினைத்திருந்தாராம். கூட்டத்தை இலங்கை நேரம் பிற்பகல் 4.30க்கு மாற்றினோம். ரொறன்ரோ அண்ணா காலை ஏழு மணிக் கோப்பியோடு வந்தார், மிஸ் இரவு ஒன்பது மணிக்குச் சாப்பாடு முடித்துவிட்டு வந்தார், லண்டனில் நடு மத்தியானம். நான் ஒலிவாங்கியைத் திறந்து "எல்லாருக்கும் வணக்கம்" என்றேன். அண்ணா மட்டும், "தம்பி, காலைச் சாப்பாடு ஆச்சா?" என்று கேட்டார்.