‘போய்விட்டார்’ என்று சொல்லாதீர்கள்

குடாநாட்டின் ஆதார வைத்தியசாலை ஒன்றில் வைத்தியராக வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. விடுதி வாசலில் நின்ற வயதான அம்மாவிடம், “ஐயா போய்விட்டார் அம்மா” என்றேன். அவர் பையைத் தூக்கிக்கொண்டு, “பெரியாஸ்பத்திரிக்கோ? அம்புலன்சிலோ?” என்று கேட்டார். கடுமையான நோயாளர்களை யாழ்ப்பாணத்துக்கு அனுப்புவது அங்கே அன்றாட வழக்கம். அவர் கேட்டதில் பிழையே இல்லை. நான் சொன்ன சொல்தான் பிழை. அதே மரணச் செய்தியை இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருந்தது, அதுவும் அந்த முகத்தில் ஒரு நம்பிக்கை வந்துவிட்ட பிறகு.

‘எங்களால் முடிந்ததெல்லாம் செய்தோம்’, ‘ஏலாமல் போய்விட்டது’, ‘கைவிட்டுவிட்டார்’ என்பனவும் இதே இனம்தான். கேட்பவர் தமக்கு வேண்டிய பொருளை அவற்றில் ஏற்றிக்கொள்வார். ‘இறந்துவிட்டார்’, ‘உயிர் பிரிந்துவிட்டது’, ‘காலமாகிவிட்டார்’ ஆகிய மூன்றுக்கும் இரண்டாவது பொருள் கிடையாது. ‘செத்துவிட்டார்’ என்பதும் தெளிவானதுதான், ஆனால் நம் ஊரில் அதை மனிதருக்குச் சொன்னால் ஆயுளுக்கும் மன்னிக்க மாட்டார்கள்.

சொல்லைத் தேர்வதற்கு முன், ஆளைச் சரிபார்க்க வேண்டும். தந்தை பெயரை முன்னும் தன் பெயரைப் பின்னும் எழுதும் ஊர் இது. ஒரே விடுதியில் கந்தையா நடராசாவும் நடராசா கந்தையாவும் படுத்திருப்பது புதினமல்ல. வெளியே வந்து “நடராசாவின் ஆட்கள் யார்?” என்று கூவினால், இரண்டு குடும்பங்கள் எழும்பி வரும். படுக்கைச் சீட்டின் இலக்கத்தைப் பார்த்துக்கொண்டு, “நீங்கள் யாரைப் பார்க்க வந்திருக்கிறீர்கள்? அவர் உங்களுக்கு என்ன முறை?” என்று கேளுங்கள். பதில் பொருந்திய பிறகுதான் அடுத்த வாக்கியம்.

ஒரு கற்பனை நிகழ்வை எடுத்துக்கொள்வோம். வயது 72. சைக்கிளில் போனவரை மோட்டார் சைக்கிள் இடித்து, இடுப்பெலும்பு முறிந்தது. 18 நாட்கள் படுக்கையில் கிடந்தார். நுரையீரலில் கிருமித்தொற்று ஏற்பட்டது. ஒரு பின்னிரவில் மூச்சு நின்றது. கழுத்து நாடி, இதய ஒலி, மூச்சொலி எதுவும் இல்லை என்பதை முழுதாக ஐந்து நிமிடம் கவனித்து, கண்மணிகள் வெளிச்சத்துக்கு அசையவில்லை என்பதையும் பார்த்து, 2.10க்கு மரணத்தை உறுதிசெய்தீர்கள். மனைவி வெளியே வாங்கில் இருக்கிறார்.

அவரை நடைபாதையில் நிறுத்திச் சொல்லாதீர்கள். தாதிய உத்தியோகத்தரின் அறையோ ஒரு திரைமறைப்போ போதும், ஆனால் அவர் அமர வேண்டும், நீங்களும் அமர வேண்டும். “அம்மா, வருத்தமான செய்தி ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் கணவர் சற்று முன்பு இறந்துவிட்டார்.” இரண்டே வாக்கியம். முதலாவது அவரைத் தயார்படுத்துவதற்கு, இரண்டாவது செய்தி. பிறகு வாயை மூடுங்கள். இளம் வைத்தியர்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் ஒட்சிசன் அளவு, மருந்தின் பெயர் என்று அடுக்கத் தொடங்கிவிடுவோம். அந்த அம்மாவின் காதில் அது ஒன்றும் ஏறாது. நாம் எதையோ மறைப்பது போலத்தான் தோன்றும். அவர் கேட்கும்போது சொல்லலாம். முதலில் கேட்பது பெரும்பாலும் “கஷ்டப்பட்டாரோ?” என்பதாக இருக்கும். பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்.

இரண்டாவது கேள்வி, “பிரேதத்தை எப்போது தருவீர்கள்?” பெரிய பிழை நடப்பது இங்கே. ‘நிமோனியா, இயற்கை மரணம்தானே’ என்று நினைத்து “விடிந்ததும் கொண்டுபோகலாம்” என்று சொல்லிவிடுவார்கள். வீட்டில் பந்தல் போடப்படும், பறைக்குச் சொல்லப்படும், வானொலிக்கு அறிவித்தல் போகும். காலையில் ஒருவர் படுக்கைச் சீட்டைப் புரட்டி, “இது விபத்தல்லவா?” என்று கேட்பார். நிமோனியா வந்தது படுக்கையில் கிடந்ததால், படுக்கையில் கிடந்தது எலும்பு முறிந்ததால், முறிந்தது விபத்தால். எத்தனை நாள் கடந்தாலும் அந்தச் சங்கிலி அறுவதில்லை. இப்படியான மரணத்தில் வைத்தியர் காரணப் பத்திரத்தைக் கையொப்பமிட்டுக் கொடுத்துவிடாமல், திடீர் மரண விசாரணை அதிகாரிக்கு அறிவிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். அவர் கேட்டால் சட்ட வைத்திய அதிகாரியின் உடற்கூற்றுப் பரிசோதனையும் நடக்கும். ஆகவே மரணச் செய்தி சொல்ல எழும்புவதற்கு முன்னரே, அனுமதித்த நாளின் பக்கத்தை ஒருமுறை பாருங்கள். “அம்மா, இது விபத்தோடு தொடங்கியதால் மரண விசாரணை உண்டு. அது முடிந்த பிறகுதான் தர முடியும். நேரத்தை இப்போது என்னால் சொல்ல முடியாது” என்று அன்றிரவே சொல்லிவிடுவது கடினம்தான். பந்தல் போட்ட பிறகு சொல்வது அதைவிடக் கடினம்.

2.50க்கு விடுதித் தொலைபேசி அடிக்கும். ரொறன்ரோவில் இருக்கும் மகன் என்பார் ஒருவர். மகனாகவே இருக்கலாம், ஆனால் குரலை வைத்து உறுதிசெய்ய முடியாது. மனைவிக்குச் சொல்லும் முன் அவருக்குச் சொல்லிவிட்டால், வாங்கில் இருக்கும் அம்மாவின் கைப்பேசி உங்களுக்கு முன்னரே அழும். மனைவிக்குச் சொல்லியாகிவிட்டதென்றால், அவரையே பேசவிடுங்கள். உறவினர் எவரும் வைத்தியசாலையில் இல்லாதபோது, ‘சீரியஸ், வாருங்கள்’ என்று சொல்லி வரவழைப்பது நம் பழக்கம். ஆனால் “உயிரோடு இருக்கிறாரா?” என்று நேராகக் கேட்டவரிடம் பொய் சொல்லக் கூடாது. பக்கத்தில் யாரும் இருக்கிறார்களா என்று முதலில் கேட்டுக்கொண்டு, உண்மையைச் சொல்லுங்கள்.

இனி எழுத்து. அநேகமான படுக்கைச் சீட்டுகளில் இருப்பது ஒரே வரி: ‘றிலேற்றிவ்ஸ் இன்ஃபோம்ட்’. எந்த உறவினர்? யார் சொன்னார்? என்ன சொன்னார்? மூன்று மாதத்தின் பின் ஒரு மகன் “எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை” என்று முறையிட்டால், அந்த வரி உங்களுக்கு உதவாது. எழுதுவது ஆங்கிலத்தில்தான் என்றாலும், பொருள் இவ்வாறு இருக்க வேண்டும்:

“2.10: மரணம் உறுதிசெய்யப்பட்டது (நாடி, இதய ஒலி, மூச்சொலி ஐந்து நிமிடம் இல்லை, கண்மணிகள் அசையவில்லை). 2.35: மனைவிக்கு, தாதிய உத்தியோகத்தர் முன்னிலையில், தமிழில் நேரில் தெரிவிக்கப்பட்டது. ‘இறந்துவிட்டார்’ என்ற சொல் பயன்படுத்தப்பட்டது. விபத்துக் காரணமாக மரண விசாரணை உண்டு என்று விளக்கப்பட்டது. ‘காலையில் கொண்டுபோக முடியாதோ’ என்று கேட்டார். முடியாமல் போகலாம் என்று கூறப்பட்டது. 2.50: மகன் என்று கூறியவரின் வெளிநாட்டு அழைப்பு; மனைவியிடம் கொடுக்கப்பட்டது. எழுதிய நேரம் 2.55.” கீழே பெயர், பதவி, கையொப்பம்.

மரணம் உறுதியான நேரம், தெரிவித்த நேரம், எழுதிய நேரம் என இதில் மூன்று நேரங்கள் இருக்கின்றன. அவற்றை ஒன்றாக்கிவிடுவதுதான் வழக்கமான குழப்பம். வேலைப் பளுவால் காலை ஆறு மணிக்குத்தான் எழுதினீர்கள் என்றால், ‘பின்னர் எழுதியது, 6.00’ என்று போடுங்கள், 2.35க்கு எழுதியதுபோல் காட்டாதீர்கள். பிழைத்த சொல்லை ஒற்றைக் கோட்டால் வெட்டி, பக்கத்தில் கையொப்பமும் நேரமும் இடுங்கள். வெள்ளை மை பூசிய பக்கத்தில், கீழே என்ன இருந்தது என்பதைத்தான் எவரும் முதலில் தேடுவார்கள்.

‘இதயம் நின்றது’ என்பதைக் காரணமாக எழுதுவதும் வேண்டாம். எல்லா மரணத்திலும் இதயம் நிற்கும். இங்கே காரணம் நிமோனியா, அதன் அடியில் இடுப்பெலும்பு முறிவு, அதன் அடியில் வீதி விபத்து.

கடைசியில் ஐயாவின் கை மோதிரம். அதைத் ‘தங்க மோதிரம்’ என்று எழுதாதீர்கள். ‘மஞ்சள் நிற உலோக மோதிரம் ஒன்று’ என்றுதான் எழுத வேண்டும். பவுண் எத்தனை என்று உரைத்துப் பார்க்க நாம் நகைக்கடை வைத்திருக்கவில்லை. மனைவியிடம் ஒப்படைத்து அவருடைய கையொப்பத்தை வாங்குங்கள், பக்கத்தில் தாதிய உத்தியோகத்தருடையதையும்.