எந்த நிர்வாணா? ஒரே பெயரில் பல கலைஞர்கள் இருந்தால் சரியானவரைக் கண்டுபிடிப்பது எப்படி

நிர்வாணா என்றதும் 'நெவர்மைண்ட்' ஆல்பம் தந்த அமெரிக்கக் குழுதான் நினைவுக்கு வரும். ஆனால் 1960-களிலேயே லண்டனில் அதே பெயரில் ஒரு குழு இருந்தது. 1990-களில் விவகாரம் வழக்குவரை போய்ச் சமரசத்தில் முடிந்தது. இரண்டு குழுவும் பெயரை விட்டுக்கொடுக்கவில்லை. நாம் இங்கே தேடப்போவது லண்டன் குழுவை.

குழப்பம் எங்கே தொடங்குகிறது? ஆல்பத்தை ஸ்பாட்டிஃபை போன்ற ஸ்ட்ரீமிங் தளத்துக்கு அனுப்பும் விநியோக நிறுவனம், கலைஞர் பெயரை வெறும் எழுத்தாகக் கொடுத்து, எந்தப் பக்கத்தில் சேர்க்க வேண்டும் என்று சொல்லாமல் விட்டால், அதே பெயருள்ள வேறொருவர் பக்கத்தில் ஆல்பம் போய் உட்கார்ந்துவிடும். அதனால் பக்கத்தின் படத்தையும் ஃபாலோயர் எண்ணிக்கையையும் நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

முதலில், ஆப்பைத் திறக்காதீர்கள். பிரவுசரில் மியூசிக்பிரெய்ன்ஸ் என்ற இசைத் தகவல் தளமான musicbrainz.org போய், கலைஞர் பிரிவில் Nirvana என்று தேடுங்கள். அதே பெயரில் வரிசையாகப் பலர் வருவார்கள். ஒவ்வொரு பெயருக்கும் அருகே எந்த நாடு, எந்தக் காலம் என்று சிறு குறிப்பு இருக்கும். லண்டன் குழுவைத் திறந்து மூன்றே விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஓர் ஆல்பத்தின் பெயர், அதன் ஆண்டு, வெளியிட்ட நிறுவனம். நமக்குக் கிடைப்பவை The Story of Simon Simopath, 1967, ஐலண்ட் ரெக்கார்ட்ஸ். அந்தப் பக்கத்திலேயே ஸ்ட்ரீமிங் தளங்களுக்கான இணைப்பு இருந்தால் பாதி வேலை முடிந்தது.

இப்போது ஆப்பில் ஆல்பத்தைத் தேடுங்கள், கலைஞரை அல்ல. கலைஞர் பெயரைப் போட்டால் பிரபலமானவரே முதலில் வந்து நிற்பார். Simon Simopath போன்ற பெயர் இன்னொருவருக்கு இருக்க வாய்ப்பில்லை. ஆல்பத்தைத் திறந்து, அதன் மேலுள்ள கலைஞர் பெயரைத் தொட்டால் அவருடைய பக்கத்துக்குப் போய்விடலாம். ஆல்பம் பெயர் தெரியாவிட்டால் ஸ்பாட்டிஃபை தேடல் பெட்டியில் ஆண்டைச் சேர்த்துப் பாருங்கள்:

```
artist:nirvana year:1967-1969
```

இதில் ஒரு சிக்கல் உண்டு. பழைய ஆல்பத்தை மறுவெளியீடு செய்தவர்கள் புதிய தேதியைக் கொடுத்திருந்தால் இந்த வடிகட்டியில் அது சிக்காது. ஒன்றும் வரவில்லை என்பதால் ஆல்பமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்; ஆண்டை எடுத்துவிட்டு மறுபடி தேடுங்கள்.

ஆல்பத்தின் அடியில் உள்ள ℗ வரியைப் படியுங்கள். ஒலிப்பதிவு யாருக்குச் சொந்தம் என்பது அங்கே இருக்கும். ஆண்டைவிட நிறுவனத்தின் பெயரே அங்கு நல்ல சாட்சி, ரீமாஸ்டர் செய்தால் ஆண்டு மாறிவிடும் என்பதால். நிறுவனமும் கைமாறலாம், ஆகவே பாடல் பட்டியலையும் மியூசிக்பிரெய்ன்ஸ் பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

பாடல் பெயர் ஒன்று பொருந்தினால் போதும் என்று மட்டும் நினைக்காதீர்கள். அமெரிக்கக் குழுவின் 'லித்தியம்' பாட்டை லண்டன் குழுவும் 1996-ல் 'ஆரஞ்ச் அண்ட் ப்ளூ' ஆல்பத்தில் பாடியிருக்கிறது. கலைஞர் பெயரும் ஒன்று, பாட்டின் பெயரும் ஒன்று!

இப்படி மாட்டிக்கொண்டால் ஐஎஸ்ஆர்சி எண் உதவும். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் தரப்படும் 12 எழுத்துக் குறியீடு இது. டீசர் என்ற ஸ்ட்ரீமிங் தளத்தில் அந்தப் பாட்டின் பக்கத்தை பிரவுசரில் திறந்தால், முகவரியில் track என்பதற்குப் பின் ஓர் எண் இருக்கும். அதை இந்த முகவரியின் கடைசியில் ஒட்டி பிரவுசரில் திறந்தால், வரும் எழுத்துக் கூட்டத்தில் isrc என்ற இடத்தில் குறியீடு தெரியும்:

```
https://api.deezer.com/track/
```

அந்தக் குறியீட்டை மியூசிக்பிரெய்ன்ஸ் முகவரியில் போட்டால், எந்தக் கலைஞரின் பதிவு என்று காட்டும். 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்' பாட்டுக்கு இப்படி:

```
https://musicbrainz.org/isrc/USGF19942501
```

குறியீட்டின் நடுவே வரும் 99 என்பது ஆண்டு. பாட்டு வந்ததோ 1991-ல். குறியீடு வழங்கிய ஆண்டுதான் அங்கே பதிவாகிறது. அதைப் பார்த்து பாட்டின் வயதைக் கணிக்க வேண்டாம். எல்லாக் குறியீடுகளையும் யாராவது அங்கே பதிந்திருப்பார்கள் என்றும் சொல்ல முடியாது. பதில் வராவிட்டால் ℗ வரியும் பாடல் பட்டியலும்தான் கதி.

கிடைத்த பக்கத்தின் அடையாள எண்ணைச் சேமியுங்கள். ஸ்பாட்டிஃபையில் பகிர்வு மெனுவில் இணைப்பை நகலெடுத்தால், artist/ என்பதற்குப் பின் 22 எழுத்துகள் வரும். அமெரிக்கக் குழுவுக்கு அது:

```
6olE6TJLqED3rqDQT0FyPh
```

உங்களுக்குக் கிடைத்தது இதுவே என்றால் தவறான பக்கத்துக்கு வந்துவிட்டீர்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறினால் எண்ணே வேறாகிவிடும், கையால் தட்டாமல் ஒட்டுங்கள். கேள்விக்குறிக்குப் பின் வரும் பகுதி தேவையில்லை, வெட்டிவிடலாம்.

சரியான பக்கத்திலும் வேறொருவரின் ஆல்பம் கலந்திருக்கக்கூடும். அதைப் பிரித்து நகர்த்துவது கலைஞர் தரப்போ விநியோக நிறுவனமோ கேட்டால்தான் பொதுவாக நடக்கும். அதுவரை பக்கத்தை ஃபாலோ செய்வதைவிட, சரிபார்த்த ஆல்பங்களைத் தனித்தனியாக உங்கள் நூலகத்தில் சேர்ப்பதே மேல்.