ஹைட்ராலிக் ஆயிலைச் சுத்தம் செய்வது எப்படி? 200 லிட்டர் டேங்க் ஒன்றை வைத்துப் படிப்படியாக

பிரஸ் மெஷின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 200 லிட்டர் டேங்க், ஒரு பிஸ்டன் பம்ப், சோலனாய்டில் இயங்கும் டைரக்‌ஷன் வால்வுகள். வால்வு அடிக்கடி சிக்குகிறது, காயில் எரிகிறது. ஆயிலோ பார்க்கப் பளிச்சென்று இருக்கிறது. இந்த மெஷினில் எதை, எந்த வரிசையில் செய்வது என்று பார்க்கலாம்.

முதலில், பளிச்சென்ற ஆயிலை நம்பக்கூடாது. நம் கண்ணுக்குச் சுமார் 40 மைக்ரானுக்குக் குறைந்த துகள் தெரியாது. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். வால்வின் ஸ்பூலுக்கும் அது ஓடும் துளைக்கும் நடுவே உள்ள இடைவெளியோ சில மைக்ரான்தான். அதைவிடப் பெரிய துகள் உள்ளே நுழையாது. மிகச் சிறியது ஆயிலோடு கடந்து போய்விடும். இடைவெளிக்கு ஏறக்குறைய சமமான துகள்தான் ஆபத்து. அது இரண்டு பரப்புக்கும் நடுவே மாட்டிக்கொண்டு உலோகத்தைச் சுரண்டும். சுரண்டியதில் விழும் பொடியும் அதே அளவில் இருப்பதால், அதுவும் போய் அடுத்த இடத்தைச் சுரண்டும்.

பம்பில் இதன் விலை அதிகம். இடைவெளி வழியாகக் கசியும் ஆயில், இடைவெளியின் மும்மடியைப் பொறுத்தது. 5 மைக்ரான் இடைவெளி தேய்ந்து 10 மைக்ரான் ஆனால் கசிவு இரண்டு மடங்கு ஆகாது, எட்டு மடங்கு ஆகும். கசியும் ஆயில் சூடாகும், சூடானால் இளகும், இளகினால் இன்னும் கசியும். இந்தக் கசிவு டேங்குக்குத் திரும்பும் கேஸ் டிரெய்ன் லைனில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வருகிறது என்று பம்ப் புதிதாக இருக்கும்போதே அளந்து எழுதி வையுங்கள். பின்னால் அதே பிரஷரில், அதே ஆயில் சூட்டில் அளந்து ஒப்பிட்டால் தேய்மானம் தெரிந்துவிடும்.

வால்வில் நடப்பது வேறு. பிரஷரில் அசையாமல் நிற்கும் ஸ்பூலைச் சுற்றி நுண்துகள் வண்டல்போலப் படிந்து இறுகும். அடுத்த முறை சோலனாய்டு இழுக்கும்போது ஸ்பூல் முழுதாக நகராது. ஏசி காயிலில் பிளஞ்சர் கடைசிவரை போய் உட்கார்ந்தால்தான் கரண்ட் குறையும். பாதியில் நின்றால் தொடக்கத்தில் இழுத்த அதிகக் கரண்ட் அப்படியே ஓடி, காயில் கருகும். காயிலை மட்டும் மாற்றினால் அடுத்த காயிலும் கருகத்தான் செய்யும்.

படி 1: சாம்பிள் எடுப்பது

டேங்கின் டிரெய்ன் பிளக்கில் எடுக்காதீர்கள். அடியில் தங்கிய கசடுதான் வரும். மெஷின் ஓடி ஆயில் சூடாக இருக்கும்போது, ரிட்டர்ன் லைனில் ஃபில்டருக்கு முன்னால் உள்ள டெஸ்ட் பாயின்டில் எடுங்கள். பாயின்டை நூல் உதிராத துணியால் துடையுங்கள், காட்டன் வேஸ்ட் வேண்டாம். திறந்து அரை லிட்டர் அளவுக்கு வேறு பாத்திரத்தில் ஓட விடுங்கள். பிறகு வால்வைத் தொடாமல், ஓடிக்கொண்டிருக்கும் ஆயிலுக்குக் கீழே டெஸ்ட் லேப் கொடுத்த சுத்தமான பாட்டிலை நீட்டுங்கள். இடையில் வால்வைத் திருகினால் அதிலிருந்து உதிரும் துகளும் கணக்கில் சேரும். பாட்டிலை எடுத்து மூடிவிட்டுத்தான் வால்வை மூட வேண்டும்.

படி 2: எண்ணைப் படிப்பது

ரிப்போர்ட் 22/20/17 என்று வருகிறது என்று வையுங்கள். ஐ.எஸ்.ஓ. 4406 முறையில், ஒரு மில்லி ஆயிலில் 4, 6, 14 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்களைத்தான் இந்த மூன்று எண்களும் வரிசையாகச் சொல்கின்றன. முதல் எண் 22 என்றால் 20,000-க்கு மேல் 40,000 வரை. எண் ஒன்று குறைந்தால் துகள் பாதியாகும். பிஸ்டன் பம்ப் உள்ள இப்படிப்பட்ட மெஷினுக்கு 18/16/13 நல்ல இலக்கு. 18 என்றால் 1,300-க்கு மேல் 2,500 வரை. ஆக, நாம் குறைக்க வேண்டியது பதினாறு மடங்கு.

சீல் உடைக்காத புது பேரலிலும் ஆயில் பெரும்பாலும் இந்த இலக்கைவிட அழுக்காகத்தான் இருக்கும். பேரலில் இருந்து பக்கெட்டும் புனலும் வைத்து ஊற்றியதே இந்த மெஷினின் பாதிப் பிரச்சினையாக இருக்கலாம்.

படி 3: ஃபில்டர் எலிமென்ட் தேர்வு

பெட்டியில் வெறுமனே "10 மைக்ரான்" என்று போட்டிருந்தால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பீட்டா எண்ணைக் கேளுங்கள். 5 மைக்ரானுக்கு பீட்டா 1000 என்றால், அந்த அளவும் அதற்கு மேலும் உள்ள ஆயிரம் துகளில் ஒன்றுதான் தப்பும். பீட்டா 2 என்றால் பாதி தப்பிவிடும். டேங்க் ஆயிலை இழுத்து, வடிகட்டித் திருப்பி அனுப்ப, தனி பம்பும் ஃபில்டரும் உள்ள ட்ராலியைத்தான் பயன்படுத்தப் போகிறோம். அதற்கு 5 மைக்ரான், பீட்டா 1000 எலிமென்ட் வாங்குங்கள்.

இந்த நைஸான எலிமென்டை மெயின் பம்பின் சக்‌ஷனில் போடவே கூடாது. பம்புக்கு ஆயில் போதாமல் கேவிடேஷன் வந்து பம்பே அரித்துப் போகும். அங்கே முரட்டு வலை ஸ்ட்ரெய்னர் மட்டும்தான்.

படி 4: ட்ராலியை இணைத்து ஓட்டுவது

ட்ராலியின் சக்‌ஷன் ஹோஸ் டேங்கின் ஒரு முனையில், அடிப்பக்கமாக இருக்கட்டும். டெலிவரி ஹோஸ் எதிர்முனையில், ஆயில் மட்டத்துக்குக் கீழே முங்கி இருக்கட்டும். மேலிருந்து விழுந்தால் நுரைக்கும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் சுத்தமான ஆயிலையே திரும்பத் திரும்ப இழுக்கும். மெஷினையும் லோடு இல்லாமல் ஓட்டுங்கள். சிலிண்டரிலும் பைப்பிலும் கிடக்கும் ஆயில் அப்போதுதான் டேங்குக்கு வரும்.

நிமிடத்துக்கு 20 லிட்டர் ட்ராலி என்றால் 200 லிட்டருக்குப் பத்து நிமிடம். ஆனால் பத்து நிமிடத்தில் வேலை முடியாது. சுத்தமான ஆயில் அழுக்கோடு கலந்துகொண்டே இருப்பதால், அந்தப் பத்து நிமிடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆயில் ஃபில்டர் பக்கமே போயிருக்காது. பதினாறு மடங்கு குறைய, கணக்குப்படி மூன்று சுற்று போதும். ஆனால் ஓடும்போதே புது அழுக்கும் சேரும் என்பதால் ஏழு சுற்று, அதாவது 70 நிமிடம் வையுங்கள்.

கிளாகிங் இண்டிகேட்டரை ஆயில் சூடானபின் பாருங்கள். குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருப்பதால் புது எலிமென்டிலும் சிவப்பு காட்டும். சூட்டிலும் சிவப்பு என்றால் எலிமென்ட் நிறைந்துவிட்டது. அதன்பின் பைபாஸ் வால்வு திறந்து ஆயில் வடிகட்டாமலே போகும். ட்ராலி ஓடுவதில் அர்த்தமில்லை.

படி 5: மறு சாம்பிள்

அதே பாயின்டில், அதே முறையில் எடுங்கள். எண் குறையவே இல்லை என்றால் முதலில் எலிமென்டின் ஓ-ரிங் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, பைபாஸ் திறந்தே மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரி என்றால், ஆயிலில் காற்றுக் குமிழோ தண்ணீரோ இருக்கலாம். லேசர் கவுண்டர் அவற்றையும் துகளாக எண்ணிவிடும். ஆயில் பால்போலக் கலங்கியிருந்தால் முதல் சந்தேகம் தண்ணீர்தான்.

18/16/13 வந்ததும், ஒரு வாரம் வழக்கம்போல ஓட்டிவிட்டு இன்னொரு சாம்பிள் எடுங்கள். எண் இரண்டு ஏறியிருந்தால் துகள் நான்கு மடங்காகியிருக்கிறது; எங்கிருந்தோ உள்ளே வருகிறது. சிலிண்டர் இறங்கி ஏற, டேங்கில் ஆயில் மட்டமும் ஏறி இறங்கும். ஒவ்வொரு முறையும் பிரீதர் வழியாக ஷாப் காற்று உள்ளே போகும். பழைய கம்பி வலை மூடி இருந்தால் எடுத்துவிட்டு 3 மைக்ரான் பிரீதர் போடுங்கள். அடுத்து சிலிண்டர் ராடை வெளியே நீட்டிப் பாருங்கள். ராடில் கோடு விழுந்திருந்தாலோ, வைப்பர் சீலின் உதடு கிழிந்திருந்தாலோ, ராடு உள்ளே போகும் ஒவ்வொரு முறையும் தூசியை இழுத்துக்கொண்டு போகும். டாப்-அப் ஆயிலை இனி அதே ட்ராலி வழியாக, குயிக் கப்ளிங்கில் மாட்டி மட்டுமே ஏற்றுங்கள்.