ரிசப்ஷன் படத்தில் மாப்பிள்ளையின் முளைத்த தாடியை நீக்குவது: தொடக்க நிலையினருக்கான செய்முறை

சென்னையின் கல்யாண மண்டபங்களில் பெரும்பாலும் முதல் நாள் மாலையில் ரிசப்ஷனும் மறுநாள் காலையில் முகூர்த்தமும் நடக்கின்றன. காலையில் ஷேவ் செய்துகொண்ட மாப்பிள்ளை இரவு ஒன்பது மணிக்கு மேடையில் நிற்கும்போது தாடையில் முடி முளைத்திருக்கும். விடியற்காலையில் மீண்டும் ஷேவ் செய்துகொண்டு மணையில் உட்காருவதால், ஒரே ஆல்பத்தில் அடுத்தடுத்த பக்கங்களில் அவர் முகம் இரு விதமாகத் தெரிகிறது. வீட்டார் அந்த ரிசப்ஷன் படங்களைச் சரிசெய்து தரச் சொல்வது வழக்கம். மீசையை அப்படியே விட்டுவிட்டு, தாடையிலும் கன்னத்தின் கீழ்ப்பகுதியிலும் உள்ள முளைமுடியை மட்டும் போட்டோஷாப்பில் நீக்கும் முறையை இங்கே பார்க்கலாம்.

முதலில் எதை நீக்கப் போகிறோம் என்பது தெளிவாக வேண்டும். படத்தில் முளைத்த தாடி என்பது இரண்டு வெவ்வேறு பொருள்கள். ஒன்று, தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முடிப்புள்ளிகள். மற்றொன்று, அந்தப் பகுதி முழுவதும் பரவியிருக்கும் சாம்பல் நிறம். சிவப்பு ஒளி தோலுக்குள் ஆழமாகச் செல்லக்கூடியது. அது தோலுக்கடியில் இருக்கும் கறுப்பு முடியால் உறிஞ்சப்படுகிறது. நீல ஒளியின் பெரும்பகுதி அவ்வளவு ஆழம் போகாமல் மேலேயே சிதறித் திரும்பிவிடுகிறது. ஆகவே தாடிப் பகுதியில் சிவப்புதான் அதிகம் குறைகிறது, அதனால்தான் அது சாம்பலாகவோ சற்றே பச்சை கலந்தோ தெரிகிறது. புள்ளிகளை மட்டும் நீக்கினால் தாடையில் கரி பூசியது போன்ற கறை எஞ்சும். நிறத்தை மட்டும் சரிசெய்தால் வெளிறிய தோலில் மிளகு தூவியது போல் இருக்கும். இரண்டையும் ஒரே பிரஷ்ஷால் தேய்த்து மறைக்கப் பார்த்தால் தோலின் துளைகளும் சேர்ந்து அழிந்து முகம் மெழுகாகிவிடும். எனவே இரண்டையும் தனித்தனி லேயர்களாகப் பிரித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

படி 1: பிரித்தல்

படத்தைத் திறந்து `Ctrl+J` விசைகளை இரண்டு முறை அழுத்தி இரண்டு நகல் லேயர்களை உருவாக்கிக்கொள்ளுங்கள். கீழே உள்ளதற்கு `Low` என்றும் மேலே உள்ளதற்கு `High` என்றும் பெயரிடுங்கள். `High` லேயரின் கண் குறியை அணைத்துவிட்டு, `Low` லேயரைத் தேர்ந்தெடுத்து `Filter > Blur > Gaussian Blur` கொடுங்கள். எவ்வளவு மங்கலாக்குவது என்பதற்கு நிலையான எண் கிடையாது. முடிப்புள்ளிகள் முற்றிலும் கரைந்து, அதே நேரத்தில் உதட்டோரமும் தாடை விளிம்பும் இன்னும் அடையாளம் தெரியும் இடத்தில் நிறுத்த வேண்டும். நெற்றி உச்சியிலிருந்து தாடை நுனி வரை சுமார் 1200 பிக்ஸல் உயரமுள்ள முகத்துக்கு 7 அல்லது 8 பிக்ஸலில் தொடங்கிப் பார்க்கலாம்.

பிறகு `High` லேயரின் கண்ணைத் திறந்து, அதைத் தேர்ந்தெடுத்து, `Image > Apply Image` பெட்டியில் கீழ்க்கண்டவாறு கொடுங்கள். இது 8 பிட் படத்துக்கு உரியது.

```
Layer: Low
Channel: RGB
Invert: off
Blending: Subtract
Opacity: 100
Scale: 2
Offset: 128
```

`High` லேயர் சாம்பல் நிறமாக மாறும். இனி முடிப்புள்ளிகளும் தோலின் துளைகளும் `High` லேயரிலும், நிறம் `Low` லேயரிலும் இருக்கும். அதன் கலப்பு முறையை `Linear Light` என்று மாற்றியதும் படம் பழைய நிலைக்கே திரும்பிவிட வேண்டும். மேலிரண்டு லேயர்களையும் சேர்த்து அணைத்தும் திறந்தும் பாருங்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரிந்தால் ஏதோ ஓர் எண் தவறாக இடப்பட்டிருக்கிறது. 16 பிட் படமாக இருந்தால் `Subtract` என்பதற்குப் பதிலாக `Add` கொடுத்து, `Invert` பெட்டியில் குறியிட்டு, `Offset` மதிப்பை 0 ஆக்குங்கள். கிம்ப் மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் இதே பிரிப்பை `Grain extract`, `Grain merge` என்ற கலப்பு முறைகளால் செய்துகொள்ளலாம்.

படி 2: புள்ளிகளை நீக்குதல்

`High` லேயரில் `Clone Stamp` கருவியை எடுத்து, மேலே உள்ள `Sample` என்பதில் `Current Layer` என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை மறந்தால் கீழிருக்கும் நிறமும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். பிரஷ்ஷின் அளவு ஒரு முடியின் நீளத்தைப் போல் இரண்டு மூன்று மடங்கு போதும். `Opacity` 100 ஆகவே இருக்கட்டும். மென்மையாக இருக்கட்டும் என்று 40, 50 என்று குறைப்பதுதான் தொடக்கநிலையில் எல்லோருக்கும் தோன்றும் எண்ணம். ஆனால் இரண்டு தோல்பரப்புகள் பாதிப்பாதியாகக் கலக்கும்போது ஒன்றின் துளையும் மற்றொன்றின் மேடும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. நாம் தவிர்க்க நினைத்த மெழுகுத்தன்மை அந்த வழியில் உள்ளே வந்துவிடுகிறது.

தோலை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் இந்தப் படியின் முழு நுணுக்கமும் இருக்கிறது. நெற்றித் தோலும் தாடைத் தோலும் ஒன்றல்ல. தாடி எல்லைக்குச் சற்று மேலே, கன்னத்தின் கீழ்ப்பகுதியில், முடியில்லாத இடமே நல்ல மூலம். முகத்தின் எந்தப் பக்கத்தைச் சரிசெய்கிறீர்களோ அந்தப் பக்கத்திலிருந்தே எடுங்கள். வீடியோ விளக்கு இடப்பக்கம் இருந்தால் ஒவ்வொரு துளையின் ஓரத்திலும் விழும் நுண்ணிய நிழல் ஒரே திசையில் இருக்கும். வலக் கன்னத்தோலைத் திருப்பி இடப்பக்கம் ஒட்டினால் அந்த நிழல்கள் எதிர்த்திசையைக் காட்டும். என்ன பிழை என்று பார்ப்பவரால் சொல்ல முடியாது, ஆனால் அந்த இடம் ஒட்டாமல் நிற்கும். மேலும், மண்டபத்தில் உயர்ந்த ஐ.எஸ்.ஓ.வில் எடுத்த படங்களில் நிழல் பகுதியில் இரைச்சல் அதிகம் என்பதால், வெளிச்சமான கன்னத்திலிருந்து எடுத்த தோல் இருண்ட தாடையில் அளவுக்கு மீறி வழுவழுப்பாகத் தெரியும். ஒத்த வெளிச்சமுள்ள இடத்திலிருந்தே எடுப்பது இதற்கும் மருந்து.

சில தொடுதல்களுக்கு ஒருமுறை `Alt` அழுத்தி மூல இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். ஒரே மச்சமோ வடுவோ இரண்டு இடங்களில் தெரிந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். மீசையின் ஓரத்துக்கும் கிருதாவின் அடிப்பகுதிக்கும் வரும்போது சில பிக்ஸல் தள்ளியே நின்று, அங்கே தனித்து நிற்கும் முடிகளை மட்டும் ஒவ்வொன்றாக எடுங்கள். விளிம்பு வரை ஒரே வீச்சில் பூசினால் மீசை கத்தரித்து ஒட்டியது போல் ஆகிவிடும்.

படி 3: சாம்பல் நிறத்தை நீக்குதல்

புள்ளிகள் போன பிறகும் தாடை இருண்டே இருக்கும். அந்த இருட்டு முழுவதும் தாடியினுடையது அல்ல. தாடை கீழ்நோக்கி வளைவதால் விழும் இயல்பான நிழலும் அதில் இருக்கிறது. நிழலைக் காப்பாற்றிக்கொண்டு தாடியை மட்டும் எடுக்க வேண்டும். கண்ணை நம்பி இதைப் பிரிப்பது கடினம், எண்களைக் கொண்டு பிரிப்பது எளிது. வெளிச்சம் குறையும்போது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் குறைகின்றன. கேமராவின் கான்ட்ராஸ்ட் சேரும்போது நிழல் இன்னும் சற்றுச் சிவப்பாகவே தெரியும். தாடியோ சிவப்பை மட்டும் அதிகமாகக் குறைக்கிறது.

`High` லேயரைத் தற்காலிகமாக அணைத்து, `Eyedropper` கருவியின் `Sample Size` மதிப்பை `11 by 11 Average` ஆக்கி, `Info` பலகையில் எண்களைப் படியுங்கள். மாநிறமுள்ள ஒரு மாப்பிள்ளையின் முகத்தில் கன்னம் 196, 148, 120 என்றும், காதுக்குக் கீழே முடியில்லாத நிழல் பகுதி 120, 86, 66 என்றும், தாடை 138, 112, 98 என்றும் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். சிவப்பை 100 என்று கொண்டால் கன்னத்தில் பச்சை 76, நீலம் 61. நிழலில் பச்சை 72, நீலம் 55. தாடையிலோ பச்சை 81, நீலம் 71. தாடை நிழலில் இருக்கிறது என்றால் எண்கள் கன்னத்துக்கும் நிழலுக்கும் இடையில் விழுந்திருக்க வேண்டும், ஆனால் எதிர்ப்பக்கம் ஓடியிருக்கின்றன. தாடிச் சாம்பலின் கையெழுத்து இதுதான். விகிதத்தைச் சரியாக்கும் இலக்காக 158, 117, 94 என்பதை எடுத்துக்கொள்ளலாம். சிவப்பு 20 உயர்கிறது, பச்சை 5 மட்டுமே உயர்கிறது, நீலம் 4 குறைகிறது. வெறுமனே வெளிச்சத்தைக் கூட்டுவது ஏன் பலிப்பதில்லை என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது.

இப்போது `High` லேயரின் கண்ணை மீண்டும் திறந்து, `Low` லேயருக்கும் `High` லேயருக்கும் இடையில் ஒரு `Curves` லேயரைச் சேர்த்து, சிவப்புக் கோட்டில் 138ஐ 158க்கும், பச்சையில் 112ஐ 117க்கும், நீலத்தில் 98ஐ 94க்கும் நகர்த்துங்கள். முழுப் படமும் சிவக்கும். பதற்றம் வேண்டாம், `Ctrl+I` அழுத்தி மாஸ்க்கைக் கறுப்பாக்கினால் எல்லாம் மறைந்துவிடும். பின்னர் மிருதுவான பெரிய பிரஷ்ஷை வெள்ளை நிறத்தில், `Flow` 5 முதல் 10 வரை வைத்து, தாடிப் பகுதியில் மட்டும் மெல்ல மெல்லத் தீட்டுங்கள். தாடி எல்லா இடத்திலும் ஒரே அடர்த்தியில் முளைப்பதில்லை என்பதால், முகவாயிலும் வாயோரங்களிலும் கூடுதலாகவும் கன்னத்தில் குறைவாகவும் தீட்ட வேண்டியிருக்கும்.

மேடையின் பின்னணியில் நீலமோ ஊதாவோ கலந்த எல்.இ.டி. விளக்குகள் எரிந்தால் நிழல்பக்க எண்களே மாறிவிடும். அப்போது கன்னத்தின் வெளிச்சப் பக்கத்தை அளவுகோலாகக் கொள்ளாமல், அந்தந்தப் பக்கத்துக்கு அந்தப் பக்கத்துத் தோலையே அளந்து, இரண்டு தனித்தனி `Curves` லேயர்கள் போடுவது நல்லது.

படி 4: சோதனை

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு `Hue/Saturation` லேயரை வைத்து `Saturation` மதிப்பை 60க்கு உயர்த்துங்கள். விட்டுப்போன இடங்கள் பச்சைத் திட்டுகளாகவும், மிகையாகத் தீட்டிய இடங்கள் ஆரஞ்சுத் திட்டுகளாகவும் கண்ணில் படும். அவற்றை மாஸ்க்கில் திருத்திவிட்டு, அதே லேயரில் மதிப்பை -100 ஆக்கிப் பாருங்கள். கறுப்பு வெள்ளையில் கீழுதட்டின் அடிநிழலும் தாடை விளிம்பும் முன்போலவே வளைந்து தெரிய வேண்டும். முகம் தட்டையாகத் தெரிந்தால் தாடியோடு நிழலையும் எடுத்துவிட்டீர்கள் என்று பொருள். சோதனை முடிந்ததும் இந்த லேயரை அழித்துவிடுங்கள்.

அடுத்து, மறுநாளைய முகூர்த்தப் படத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஹோமப் புகையும் பகல் வெளிச்சமும் கலந்த அந்தப் படத்தின் நிறத்தை அப்படியே பின்பற்ற முடியாது. ஆனால் புதிதாக ஷேவ் செய்த அவருடைய தாடையில் எவ்வளவு சாம்பல் எஞ்சியிருக்கிறது என்பதை அது காட்டும். தோலுக்கடியில் முடி இருக்கும்வரை அந்தச் சாயல் முழுவதும் போவதில்லை. அதை நூறு சதவீதம் துடைத்துவிட்டால் முப்பது வயது ஆண் பதினான்கு வயதுப் பையனாகிவிடுவார். ஆகவே `Curves` லேயரின் `Opacity` மதிப்பை 85 அளவுக்குக் குறைத்து விடுங்கள். என் கணிப்பில், இந்த ஒரு குறைப்புதான் படத்தை நம்பும்படி ஆக்குகிறது.

இந்த முறைக்கு எல்லை உண்டு. மூன்று நான்கு நாள் தாடியாக இருந்தால் முடிகள் அடர்ந்து ஒன்றோடொன்று சேர்ந்துவிடுவதால், மங்கலாக்கிய பிறகும் `Low` லேயரில் கோடுகளும் திட்டுகளுமாக நிற்கும். மங்கலாக்கும் அளவைக் கூட்டினால் உதட்டு விளிம்பும் கரையும். அத்தகைய படத்தில் அதே வெளிச்சத்தில், அதே கோணத்தில் எடுத்த ஷேவ் செய்த முகம் வேறொன்று இருந்தால் மட்டுமே முயலலாம். இல்லையென்றால் தாடியை விட்டுவைக்கும்படி வீட்டாரிடம் சொல்வதே சரி.

ஒரே மேடையில் ஒரே விளக்கில் எடுத்த அடுத்த படங்களுக்கு `Curves` லேயரை இழுத்துப் போட்டுக்கொள்ளலாம், எண்கள் பெரும்பாலும் பொருந்திவிடும். மாஸ்க்கை மட்டும் ஒவ்வொரு படத்திலும் புதிதாகத் தீட்ட வேண்டும். `High` லேயரின் வேலையைத்தான் எங்கிருந்தும் கொண்டுவர முடியாது.